பி.எட். முதல் ஆண்டு: 0.35 பெரிதா, 0.5 பெரிதா?

பி.எட். படிக்க வருகிற யாரும் வெறும் கையோடு வருவதில்லை. ஆசிரியர் என்றால் எப்படி இருப்பார், நல்ல வகுப்பு எப்படி இருக்கும், எந்தப் பிள்ளை படிக்கும், எது படிக்காது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முடிவோடுதான் வருகிறோம். பன்னிரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோமே! டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் இதைக் கணக்குப் போட்டே எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒரு மாணவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி கழித்திருப்பார் என்பது அவர் கணக்கு. அப்படிப் பார்த்துப் பார்த்தே ஆசிரியர் வேலையைப் பழகிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மாணவர் கண்ணுக்குத் தெரிவது ஆசிரியர் செய்வது மட்டும்தான். எந்த உதாரணத்தை யோசித்துக் கைவிட்டார், ஏன் அந்தப் பையனிடம் மட்டும் கேள்வி கேட்டார் என்பதெல்லாம் பெஞ்சிலிருந்து தெரியாது.

நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு பி.எட். சேர்ந்தேன். லட்சியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வீட்டில் சொன்னார்கள், கணக்கு வரும், டெட் எழுதலாம், அவ்வளவுதான். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கதையும் இதுதான். ஆசிரிய அடையாளம் பற்றிப் பேசும்போது எல்லோரும் சின்ன வயதிலேயே சுவரில் சாக்பீஸால் எழுதிப் பாடம் நடத்தியவர்கள் போலச் சொல்வதுண்டு. அப்படி இல்லாதவர்களுக்கும் அடையாளம் உருவாகத்தான் செய்கிறது, கொஞ்சம் வேறு வழியில்.

சேர்ந்த புதிதில் எங்கள் கணிதக் கற்பித்தல் பேராசிரியை ஒரு வேலை கொடுத்தார். அரைப் பக்கத்தில் எழுத வேண்டும். ஆனால் "நல்ல ஆசிரியர் யார்?" என்று அவர் கேட்கவில்லை. "ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, 0.5ஐ விட 0.35 பெரியது என்கிறாள். அடுத்த ஐந்து நிமிடம் நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் வாயிலிருந்து வரும் வாக்கியத்தையே எழுதுங்கள்" என்றார். நான் எழுதியது இதுதான்: "தவறு என்று அன்பாகச் சொல்வேன். 0.5ஐ 0.50 என்று எழுதிக் காட்டுவேன். 50, 35ஐ விடப் பெரியது என்று விளக்குவேன். புரிந்ததா என்று கேட்பேன். புரியவில்லை என்றால் மீண்டும் விளக்குவேன்." ஏறக்குறைய வகுப்பு முழுவதும் இதையேதான் எழுதியிருந்தது. சிலர் 'அன்பாக' என்பதை மட்டும் விட்டிருந்தார்கள். அவர் தாள்களை வாங்கித் தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொண்டார். மதிப்பெண்ணும் இல்லை, பேச்சும் இல்லை.

அந்த ஐந்து வாக்கியத்தில் எங்கள் நம்பிக்கை முழுவதும் இருக்கிறது. கற்பித்தல் என்றால் விளக்குவது. நன்றாக விளக்கினால் புரியும். புரியவில்லையென்றால் இன்னும் நன்றாக விளக்க வேண்டும். அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் சொன்னாள் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

ஆசிரியர் பயிற்சிக்கு விதி வகுக்கும் தேசிய அமைப்பான என்.சி.டி.இ. 2014இல் கொண்டுவந்த விதிமுறைப்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. பள்ளியில் கழிக்க வேண்டிய காலம் குறைந்தது 20 வாரம். அதில் 4 வாரம் முதல் ஆண்டிலும் 16 வாரம் இரண்டாம் ஆண்டிலும் வரும். அதாவது முதல் ஆண்டின் பெரும்பகுதி கல்லூரிக்குள்தான் கழிகிறது. அங்கே நாம் 'ஆசிரியராக' நிற்கும் முதல் இடம் மைக்ரோ டீச்சிங்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறனை மட்டும் பழக வேண்டும். பாடம் தொடங்குவது ஒரு திறன், விளக்குவது ஒன்று, வினா கேட்பது ஒன்று, வலுவூட்டுவது, கரும்பலகையைப் பயன்படுத்துவது என்று இப்படிப் போகும். நம் நாட்டில் பின்பற்றும் சுழற்சி 36 நிமிடம்: ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் திருத்தித் திட்டமிடல், ஆறு நிமிடம் மறுபடி கற்பித்தல், ஆறு நிமிடம் மறுபடி பின்னூட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் முதல் ஆறு நிமிடம் நடக்கும், மற்றதெல்லாம் ரெக்கார்டு நோட்டில் நடக்கும்.

எனக்கு உறுத்தியது அதுகூட இல்லை. பத்து இருபது நண்பர்கள் மாணவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் பட்டதாரிகள். நான் பின்னம் நடத்தினால் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். "புரிந்ததா?" என்றால் "புரிந்தது மிஸ்" என்பார்கள். யாரும் வேண்டுமென்று சேட்டை செய்தால்தான் உண்டு. பின்னூட்டத் தாளில் குரல் ஏற்ற இறக்கம், கண் தொடர்பு, கையெழுத்து, நடமாட்டம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்தவருக்கு என்ன ஆனது என்பதற்குக் கட்டமே கிடையாது. ஆக, கற்பித்தல் என்றால் விளக்குவது என்ற பழைய நம்பிக்கை அங்கே அசைவதற்குப் பதிலாக இன்னும் இறுகுகிறது. நான் அந்த மாதங்களில் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டேன். அதுவும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது என் முழுக் கவனமும் என் மேல்தான் இருந்தது.

இதற்கு ஒரு சின்ன மாற்று இருக்கிறது. பேராசிரியை ஒருமுறை செய்து காட்டினார். அதன்பின் நாங்களே மாலையில் வைத்துக்கொண்டோம். மாணவராக உட்காரும் நண்பர்களுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்துவிட வேண்டும். ஒரு சீட்டில் "இலக்கம் அதிகம் இருந்தால் எண் பெரியது என்று நம்புகிறாய்", இன்னொன்றில் "பின்னத்தைக் கூட்டும்போது மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டுவாய்". நடத்துபவருக்கு யாரிடம் எந்தச் சீட்டு என்று தெரியாது. ஆறு நிமிடத்தில் அவர் யாருக்கும் எதையும் புரியவைக்க வேண்டாம், ஒருவருடைய சீட்டையாவது கண்டுபிடித்தால் போதும். முதலில் ஒருவராலும் முடியவில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் விடையைக் கேட்கும் கேள்விகள். "எப்படி வந்தது?" என்று கேட்கவே கொஞ்ச நாள் ஆனது. அதையும் சரியான விடை வந்தபோது யாரும் கேட்கவில்லை. விடை சரியென்றால் "வெரி குட்" சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

பள்ளிக்கு அனுப்பிய வாரங்களுக்கு வருகிறேன். பக்கத்து ஊரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று. கல்லூரியில் ஆசிரியர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிற நாங்கள், இங்கே புடவை கட்டிக்கொண்டு போனால் நாற்பது பிள்ளைகள் எழுந்து "குட் மார்னிங் மிஸ்" என்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் எங்களுக்கு நாற்காலி இல்லை. நூலகத்து ஓரத்தில் ஒரு பெஞ்சு ஒதுக்கியிருந்தார்கள். பெரியவர்களுக்கு 'டிரெய்னிங் டீச்சர்', பிள்ளைகளுக்கு மிஸ், எங்கள் பேராசிரியைக்கு மாணவி. அடையாளம் என்று பாடப்புத்தகத்தில் படிப்பது ஒருபக்கம் இருக்கட்டும், எந்த வாசல் வழியாக நுழைகிறோம், எந்த நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதில் அது தினமும் முட்டிக்கொண்டே இருந்தது. நான் சொல்வதைப் பிள்ளைகள் ஆசிரியர் சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது முதலில் கூச்சமாகவும் அப்புறம் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

முதல் ஆண்டில் உற்றுநோக்கல்தான் வேலை. பின் பெஞ்சில் உட்கார்ந்து வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பைப் பார்த்து எழுத வேண்டும். படிவம் முழுவதும் ஆசிரியரைப் பற்றியது. அதையே நிரப்பிக்கொண்டிருந்தால் லார்ட்டி சொன்ன 13,000 மணி நேரத்தோடு இன்னும் கொஞ்சம் மணி நேரம் சேரும், அவ்வளவுதான். பேராசிரியை எங்களை வேறு மாதிரி பார்க்கச் சொல்லியிருந்தார். ஆசிரியரைப் பார்க்காதீர்கள், மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு பீரியடு முழுவதும் அவர்களை மட்டும் பாருங்கள். முன் பெஞ்சில் ஒருவர், நடுவில் ஒருவர், ஜன்னல் ஓரம் ஒருவர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் நோட்டில் என்ன இருக்கிறது, கண் எங்கே போகிறது என்று எழுதுங்கள். 'கவனம் இல்லை' என்று எழுதக் கூடாது. 'பேனா மூடியைத் திறந்து மூடினான், பிறகு பக்கத்து நோட்டைப் பார்த்து இரண்டாவது வரியை எழுதினான்' என்று எழுத வேண்டும்.

இதைச் செய்த பிறகுதான் தெரிந்தது, நடு பெஞ்சில் இருந்த பெண் ஒரு பீரியடு முழுவதும் மிக ஒழுங்காகக் கரும்பலகையை அப்படியே எழுதிக்கொண்டிருந்தாள். 'புரிந்ததா' என்றபோது வகுப்போடு சேர்ந்து தலையாட்டினாள். வீட்டுக் கணக்கைத் தொடங்கச் சொன்னபோது முதல் எண்ணை எழுதிவிட்டு நின்றுவிட்டாள். முன்னால் நின்று பார்த்தால் அந்த வகுப்பில் மிக நல்ல பிள்ளை அவள்தான். மாணவியாக இருந்தபோது நானும் அப்படிப்பட்ட நல்ல பிள்ளைதான் என்பதால் அந்த நோட்டைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வழிகாட்டி ஆசிரியருக்கு வேறு வேலை வந்துவிட, "ஏழாம் வகுப்புக்குப் போங்கம்மா, தசமம் ஒப்பிடுதல் ஓடுது" என்றார். பாடக்குறிப்பு எதுவும் கைவசம் இல்லை. பேராசிரியையின் பழைய கேள்வி ஞாபகம் வர, பலகையில் 0.5, 0.35 என்று எழுதி எது பெரிது என்று கேட்டேன். வகுப்பில் பாதிக்கு மேல் 0.35க்குக் கை தூக்கியது. அவர்களிடம் காரணம் கேட்டால் "முப்பத்தைந்து, அஞ்சை விடப் பெரிசு மிஸ்" என்றார்கள். இது எதிர்பார்த்ததுதான். புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதைத் தனி முழு எண்ணாகப் படிக்கிறார்கள்.

ஒரு பெண் மட்டும் உறுதியாக 0.5 என்றாள். சீட்டு விளையாட்டின் பழக்கத்தில் அவளிடமும் "எப்படி?" என்று கேட்டுவிட்டேன். அவள் சொன்ன பதில்: "ஒரு இலக்கம்தானே மிஸ் இருக்கு. பத்துப் பங்கா போட்டா ஒவ்வொண்ணும் பெரிசா இருக்கும். நூறு பங்கா போட்டா சின்னச் சின்னதாயிடும். அதான் 0.35 சின்னது." கேட்க அழகாக இருந்தது. ஏதோ உறுத்த, 0.4, 0.457 என்று இன்னொரு ஜோடி எழுதினேன். அதே உறுதியோடு 0.4 என்றாள். தப்பாகச் சொன்ன பாதி வகுப்போ இப்போது சரியாக 0.457 என்றது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் ஜோடியை மட்டும் தேர்வில் கேட்டிருந்தால் அவளுக்கு முழு மதிப்பெண், மற்றவர்களுக்குப் பூஜ்ஜியம். இரண்டாவது ஜோடியை மட்டும் கேட்டிருந்தால் அப்படியே தலைகீழ். இரண்டு கூட்டத்துக்கும் தசமம் தெரியாது, ஆனால் இரண்டு கூட்டமும் தன் விதியைக் கொஞ்சமும் பிசகாமல் பின்பற்றுகிறது. ஒன்றின் விதி: நீளமானது பெரியது. மற்றொன்றின் விதி: நீளமானது சின்னது. அந்தப் பெண்ணின் விதி பாதி உண்மை. ஆயிரத்தில் ஒன்று சின்னப் பங்குதான். ஆனால் அப்படி எத்தனை பங்கு இருக்கிறது என்பதை அவள் எண்ணவில்லை. 0.457இல் 457 பங்கு. அதே அளவுப் பங்கில் சொன்னால் 0.4 என்பது 400. அவளிடம் போய் "0.5ஐ 0.50 என்று எழுதிப் பார்" என்றால் விடை சரியாக வரும், ஆனால் அவள் நினைப்பை அது தொடவே தொடாது.

மறுநாள் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு சிறு தாள் கொடுத்தேன். பெயர் வேண்டாம், மதிப்பெண் இல்லை, பெரிய எண்ணை வட்டமிடு, சமமென்றால் இரண்டையும் வட்டமிடு. யாராவது செய்து பார்க்க விரும்பினால் ஜோடிகள் இவை: 0.5 – 0.35; 0.4 – 0.457; 2.07 – 2.3; 3.45 – 3.4502; 0 – 0.6. முதல் இரண்டும் மேலே சொன்ன இரண்டு கூட்டத்தைப் பிரித்துவிடும். மூன்றாவதில், நீளமானது பெரியது என்று நினைக்கும் பிள்ளை 07ஐ ஏழாகப் படித்து 2.07ஐ வட்டமிடும். சிலர் மட்டும், புள்ளிக்குப் பக்கத்தில் பூஜ்ஜியம் வந்தால் சின்னது என்று யாரோ சொல்லிக்கொடுத்ததால் அங்கே தப்பித்துக்கொண்டு முதல் ஜோடியில் மாட்டுவார்கள். நான்காவது, தசமத்தைப் பணமாக மட்டும் அறிந்தவர்களுக்கு. மூன்று ரூபாய் நாற்பத்தைந்து பைசாவுக்கு மேல் பைசாவில் எதுவும் இல்லையே, அதனால் இரண்டும் சமம் என்பார்கள். கடைசி ஜோடியைச் சும்மா சேர்த்ததாக நினைக்க வேண்டாம். 0.6ஐ விட 0 பெரியது என்று வட்டமிட்ட தாள்களும் வந்தன. பூஜ்ஜியம் ஒரு முழு எண், மற்றது வெறும் துண்டு என்பது அவர்கள் கணக்கு. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகத் திருத்தினால் ஒன்றும் தெரியாது. ஒரு தாளின் ஐந்து விடைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தாள்களை வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டினேன். அவரைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பத்து கட்டம் போட்டு வண்ணம் தீட்டச் செய்யாமல், "பின்னால பூஜ்ஜியம் போட்டுச் சமமாக்கு, அப்புறம் ஒப்பிடு" என்று விதியை மட்டும் சொல்பவர், பழைய காலத்து ஆள் என்று நாங்கள் பெஞ்சில் பேசிக்கொள்வோம். அவர் தாளைப் புரட்டிவிட்டு, "இதுல மீட்டரை விட்டுட்டீங்களே" என்றார். "1.5 மீட்டர்னா எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்கம்மா. ஒரு மீட்டர் அஞ்சு சென்டிமீட்டர்னு பாதிப் பேர் சொல்லுவான். ஒன்றரை மீட்டர்னு சொன்னா அவனுக்கே சரியா தெரியும். ரெண்டும் ஒண்ணுன்னு யாரும் சொல்லித் தரலை." அடுத்த பீரியடில் கேட்டேன். அப்படியே சொன்னார்கள்.

அவருக்கு இதெல்லாம் முன்பே தெரியும். எந்தப் பிள்ளை எங்கே மாட்டும் என்றுகூடச் சொன்னார். பிறகு ஏன் விதியை மட்டும் சொல்கிறார் என்றால், பாடம் முடிக்க இருக்கும் பீரியடு, நாற்பது பிள்ளைகள், அடுத்த மாதம் வரும் தேர்வு. பூஜ்ஜிய விதி குறைந்தபட்சம் மதிப்பெண்ணைக் காப்பாற்றும், மிச்சத்தை எட்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் முடிவு. எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. அந்த விதி இரண்டு கூட்டத்தையும் ஒரே நேரத்தில் மறைத்துவிடுகிறது, எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கு எதுவுமே தெரியாமல் போகிறது. ஆனால் அது தெரியாமல் எடுத்த முடிவு அல்ல. அவர் எதை விட்டுவிட்டார், ஏன் விட்டுவிட்டார் என்பது பின் பெஞ்சிலிருந்து எனக்குத் தெரியவில்லை, கேட்ட பிறகுதான் தெரிந்தது. பாடம் தெரிவது வேறு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது வேறு, இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே எப்படி வழுக்குவார்கள் என்று தெரிவது இன்னொரு தனி அறிவு என்று 1986இல் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் எழுதியதைத் தேர்வுக்காகப் படித்திருந்தேன். அந்த மீட்டர் பதிலைக் கேட்டபோதுதான் அது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தேன். கணக்கு பட்டதாரி என்பதால் பள்ளிக் கணக்கு எனக்கு முழுவதும் தெரியும் என்ற நினைப்பும் அங்கேதான் நகர்ந்தது.

இந்த இடத்தில் கல்வி உளவியலாளர் ஃபிரான்சிஸ் ஃபுல்லர் சொன்னதைக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் பயிற்சியில் எல்லோரும் அதை மனப்பாடம் செய்கிறோம். புதிய ஆசிரியரின் கவலை முதலில் தன்னைப் பற்றி, அதாவது என்னை மதிப்பார்களா, சமாளிப்பேனா என்று இருக்கும். அனுபவம் சேரச் சேர அது வேலையின் மீதும், பிறகு பிள்ளைகள் கற்கிறார்களா என்பதன் மீதும் நகரும். போக்கு சரிதான். ஆனால் படிப்படியாக ஏறுகிற மாதிரி அது நடப்பதில்லை. 0.457 நாளில் நான் என்னை மறந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்றதும் ஒரே நாளில் பழையபடி குரல், புடவை மடிப்பு, வண்ண அட்டை என்று ஆகிவிட்டேன். அந்த வகுப்பில் "புரிந்ததா?" என்று எத்தனை முறை கேட்டேன் என்று என் தோழி பின்னால் இருந்து கோடு போட்டு எண்ணிக் காட்டினாள். என் பள்ளிக் கணக்கு ஆசிரியையும் அப்படியேதான், ஒவ்வொரு வரிக்கும் பலகையில் சாக்பீஸால் ஒரு தட்டு, ஒரு "புரிந்ததா". அந்தத் தட்டும் எனக்கு வந்திருந்தது. யாரும் பார்க்காதபோது புதிய நம்பிக்கை, யாராவது மதிப்பெண் போடும்போது பழைய பழக்கம். நாம் எதை நம்புகிறோம் என்பதைப் போலவே, நம்மை எந்தத் தாளை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதும் நாம் எப்படிப்பட்ட ஆசிரியர் ஆகிறோம் என்பதை முடிவு செய்கிறது.

அதனால்தான் பயிற்சியில் எழுதச் சொல்லும் தற்சிந்தனைக் குறிப்புகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 'தன்னை அறிதல்' என்று ஒரு தாளே இருக்கிறது, அதற்கு ரெக்கார்டும் உண்டு. நல்ல நோக்கம்தான். ஆனால் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத் தன்னை அறிந்தவர்கள் எங்கள் வகுப்பில் ஏராளம். "ஆசிரியர் மையக் கல்வியிலிருந்து மாணவர் மையக் கல்விக்கு என் பார்வை மாறியது" என்று எழுத எதுவும் மாறியிருக்கத் தேவையில்லை, பாடம் படித்திருந்தால் போதும்.

பேராசிரியை ஆண்டு முடிவில் அதே 0.35 கேள்வியை மறுபடி கொடுத்தார். பழைய தாளைப் பார்க்காமல் எழுத வேண்டும், எழுதிய பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நானும் தோழிகளும் சேர்ந்து படித்தபோது ஒரு சுலபமான சோதனை கிடைத்தது. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார் என்று பார்ப்பது. முதல் தாளில் எல்லா வாக்கியமும் 'நான்'. சொல்வேன், காட்டுவேன், விளக்குவேன். இரண்டாவது தாளில் சிலருக்கு இடையிடையே 'அவள்' வந்திருந்தாள். "அவள் 0.4ஐயும் 0.457ஐயும் ஒப்பிடட்டும், எதைச் சொல்கிறாள் என்று பார்த்த பிறகு முடிவு செய்வேன்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். இன்னும் சிலருக்கு மாணவர் மையம், கட்டமைப்புவாதம் என்று சொற்கள் எல்லாம் புதிது, எழுவாய் மட்டும் அதே 'நான்'. என் தாள் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. முதலில் ஏன் என்று கேட்பேன் என்று எழுதியிருந்தேன், மூன்றாவது வாக்கியத்திலேயே விளக்கத்துக்குப் போய்விட்டேன். பயிற்சியில் இருப்பவர்கள் இதை யார் சொல்லவும் காத்திராமல் தாங்களே செய்யலாம். உங்கள் பாடத்தில் ஒரு தவறான விடையை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் வார்த்தையாகவே எழுதித் தேதி போட்டு மூடி வைத்துவிட்டு, பள்ளிக்குப் போய் வந்த பிறகு மறுபடி எழுதுங்கள். 'என் கல்வித் தத்துவம்' என்று எழுதினால் எந்த வித்தியாசமும் தெரியாது. கேள்வி ஒரு பிள்ளை, ஒரு விடை, ஐந்து நிமிடம் என்று குறுகலாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கிராஃப் தாளில் பத்துக்குப் பத்து சதுரம் ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். 0.4க்கு வண்ணம் தீட்டச் சொன்னதும் நான்கு பத்திகளை நிரப்பினாள், நாற்பது கட்டம். அடுத்து 0.457. நாற்பத்தைந்து கட்டம் தீட்டிவிட்டு 7க்கு எங்கே போவது என்று நின்றாள். கொஞ்ச நேரம் நானும் எதுவும் சொல்லவில்லை. பிறகு அவளே ஒரு கட்டத்தைப் பென்சிலால் பத்தாகக் கோடு போட்டு ஏழை நிரப்பினாள். "சின்னதுதான் மிஸ், ஆனா நிறைய இருக்கு" என்றாள். நீளமானது பெரியது என்பவர்களுக்கு இதே ஜோடி உதவாது. அவர்களுக்கு முதல் ஜோடியைத்தான் தீட்டக் கொடுக்க வேண்டும், ஐந்து பத்தியும் மூன்றரைப் பத்தியும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே பாடம், ஒரே கட்டத் தாள்தான், ஆனால் யாருக்கு எந்த எண் என்பது அந்த ஐந்து விடைகளைப் படித்தால்தான் தெரியும். நாற்பது பேருக்கும் உட்கார்ந்து பார்க்க முடியாது என்று வழிகாட்டி ஆசிரியர் சொன்னது உண்மை. இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரே பீரியடில் இரண்டு வேறு ஜோடிகளைக் கொடுப்பது மட்டும் முடிந்தது. பணத்தை வைத்துக் குழம்பியவர்கள் அப்படியே விடப்பட்டார்கள். எங்கள் வாரங்கள் முடிந்துவிட்டன.

மாறாத நம்பிக்கை ஒன்றும் இருக்கிறது. அமைதியான வகுப்புதான் நல்ல வகுப்பு என்று என் உடம்பு இன்னும் நம்புகிறது. கட்டம் தீட்டிய அன்று பிள்ளைகள் சத்தமாகத்தான் பேசினார்கள், கணக்கைப் பற்றித்தான் பேசினார்கள், எனக்கும் அது தெரியும். இருந்தும் வராந்தாவில் தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டதும் என் கை தானாக மேசையைத் தட்டியது. தோழி சொல்கிறாள், பதினாறு வார இன்டர்ன்ஷிப்பில் அது போய்விடும் என்று. எங்கள் சீனியர் அக்கா ஒருவர் இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறார். வகுப்பில் சத்தம் வந்தால் கேமராவில் பார்த்துவிட்டு ஆபீசிலிருந்து ஆள் அனுப்புவார்களாம். அவர் சொல்வது வேறு: இன்டர்ன்ஷிப்பில் போகும், வேலைக்குச் சேர்ந்தால் திரும்பி வரும்.